கண்புரை ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போகும் பெரியவர்களுக்கு

(ஏற்காடு முகாமிலிருந்து வந்தவர்களுக்கும் கூட வந்திருப்பவருக்கும். கூட இருப்பவர் இதை ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.)

உடனே வரவேண்டிய நேரம்

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கண்ணில் வலி நாளுக்கு நாள் கூடினால், நேற்று தெரிந்தது இன்று மங்கினால், சிவப்பு ஏறிக்கொண்டே போனால், பீளை மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தால், இமை வீங்கினால், அன்றே வாருங்கள். தலைவலியோடு வாந்தி வந்தாலும், கண் முன்னால் மின்னல் வெட்டினாலும், திடீரென்று கரும்புள்ளிகள் நிறையப் பறந்தாலும், ஓரத்திலிருந்து திரை இறங்குவது போல மறைத்தாலும் அப்படியே. கண்ணில் அடிபட்டால் வலி இல்லையென்றாலும் காட்ட வேண்டும்.

"விடியட்டும், முதல் பஸ்ஸில் போகலாம்" என்று இருந்துவிடாதீர்கள். உள்ளே கிருமி பிடித்தால் சில மணி நேரத் தாமதம்கூடப் பார்வையைப் பாதிக்கும். இது பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள் வரும். இரவானாலும் அட்டையின் மேலே உள்ள எண்ணுக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108. எங்களிடம் வர முடியாதவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மருந்துக்கடையில் கேட்டு வேறு சொட்டு வாங்கிப் போட வேண்டாம்.

லேசான உறுத்தல், கொஞ்சம் நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல், வெள்ளை கொஞ்சம் நீலமாகத் தெரிதல், இவையெல்லாம் சில நாள் இருக்கும். பயப்பட வேண்டாம்.

சொட்டு மருந்து

இரண்டு பாட்டில் கொடுத்திருக்கிறோம். எழுத்து தெரியாதவர்களுக்காக நாடா ஒட்டியிருக்கிறோம்.

நீல நாடா: கிருமிக்கான மருந்து. தினம் 4 வேளை, காலை 7, பகல் 1, மாலை 4, இரவு 9. ஒரு வாரம் மட்டும்.

சிவப்பு நாடா: புண் ஆறுவதற்கு. முதல் வாரம் 6 வேளை (7, 10, 1, 4, 7, 9). அடுத்த வாரம் 5, பிறகு 4, 3, 2, 1 என்று வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஆறு வாரத்தில் முடியும். கண் நன்றாகத் தெரிகிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கண் மறுபடி சிவக்கும். இந்தப் பாட்டிலை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும்.

இரண்டும் சேரும் வேளையில் ஒன்றைப் போட்டு 5 நிமிடம் கழித்து மற்றது. மறந்துபோனால் நினைவு வந்ததும் போடுங்கள், இரண்டு சொட்டாகச் சேர்த்து வேண்டாம்.

போடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பெரியவர் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்க்கட்டும். கீழ் இமையை விரலால் லேசாக இழுத்து, அந்தப் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு. பாட்டில் முனை இமையிலோ கண்ணிலோ படக்கூடாது. போட்டபின் கண்ணை மெதுவாக மூடி, மூக்கோரத்தில் ஒரு நிமிடம் லேசாக அழுத்துங்கள், கண்ணை அழுத்தக்கூடாது. தொண்டையில் கசந்தால் தப்பில்லை.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைச் சாறு, யார் சொன்னாலும் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் சொட்டும் வேண்டாம்.

கண்ணைப் பார்த்துக்கொள்வது

பகலில் கறுப்புக் கண்ணாடி. படுக்கும்போது பிளாஸ்டிக் மூடியை நாடாவால் ஒட்டிக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்துக்கு. தூக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போகும், அதற்காகத்தான். ஆபரேஷன் செய்த பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள்.

கண்ணைக் கசக்கக்கூடாது. முந்தானையாலோ தோள் துண்டாலோ துடைக்கவும் கூடாது. இந்தப் பழக்கம்தான் கடைசிவரை போகாது, வீட்டிலுள்ளவர்கள் கண்டிக்கலாம்! பீளை இருந்தால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைப் போட்டுவிடுங்கள்.

இரண்டு வாரம் தலைக்குத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய்க் குளியலும் வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். முகத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். திருநீறு பூசும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தூள் உதிர்ந்தால் உள்ளே போகும்.

விறகு அடுப்புப் பக்கம், மிளகு, காபி காயவைக்கும் களம், கொலுசுப் பட்டறை, இவற்றிலிருந்து தள்ளியே இருங்கள். தண்ணீர்க் குடம், சாக்கு தூக்குவது, குனிந்து பெருக்குவது கூடாது. மலச்சிக்கலும் விடாத இருமலும் கண்ணுக்கு அழுத்தம் தரும், சொன்னால் மருந்து தருவோம். ஏற்காட்டு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் கிளம்பும் முன் நர்ஸிடம் மாத்திரை கேளுங்கள். பஸ்ஸில் காற்றும் தூசியும் அடிக்கும் ஜன்னலை மூடிக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது டாக்டர் சொன்ன பிறகு.

டிவி பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம். சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை, கத்தரிக்காய், மீன், முட்டை எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை, பிபி மாத்திரைகளை விடாதீர்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறத் தாமதமாகும்.

அடுத்து

எட்டாம் நாள் காலை 9 மணிக்கு வாருங்கள். இரண்டு பாட்டிலையும், மாத்திரைகளையும், இந்தத் தாளையும் எடுத்து வர வேண்டும். கண்ணாடிக்கு ஆறு வாரம் கழித்துத்தான் அளவெடுப்போம், அதற்குமுன் கடையில் வாங்க வேண்டாம்.