உறையூர் வாடகைக் கட்டடம்: நான்கு பங்குதாரர்களின் உடன்படிக்கை

2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 14 ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில், சண்முகம், ஜெயந்தி, ரஹீம், ஆரோக்கியசாமி ஆகிய நாங்கள் நால்வரும் மனமொத்து எழுதிக்கொண்ட உடன்படிக்கை.

நாங்கள் ஒரே அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து பணியாற்றியவர்கள். எங்களுக்குள் இதுவரை கடன் பத்திரம்கூட எழுதிக்கொண்டதில்லை. இருந்தும் இதை எழுதுகிறோம். ஜெயந்தியின் தந்தையும் தந்தையின் தம்பியும் வாய்ச்சொல்லை நம்பி ஒரு கடையைச் சேர்ந்து வாங்கினார்கள். கூரை மாற்றிய செலவு யாருடையது என்ற ஒரே கேள்வியில் பதினோரு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். அந்த நிலை எங்கள் நால்வருக்கும், எங்களுக்குப் பின் எங்கள் பிள்ளைகளுக்கும் வரக் கூடாது.

1. சொத்து

உறையூரில் தரைத்தளத்தில் இரண்டு கடைகளும், முதல், இரண்டாம் தளங்களில் தளத்துக்கு இரண்டாக நான்கு வீடுகளும் உள்ள கட்டடம். கிரயத் தொகை ரூ.1,60,00,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து ரூ.14,40,000. வழக்கறிஞர், பத்திர எழுத்தர், வில்லங்கச் சான்று வகையில் ரூ.60,000. முதல் பழுதுபார்ப்புக்கு ரூ.5,00,000. ஆக மொத்தம் ரூ.1,80,00,000.

கிரயம் 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தை, அதாவது ரூ.1,60,000 ஐ, வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது எங்கள் பொறுப்பு. அவரவர் பங்குக்கு உரியதை அவரவர் பான் எண்ணில் கட்ட வேண்டும். பணம் முழுவதும் வங்கி வழியாகவே போகும். ரொக்கமாக ஒரு ரூபாய்கூட யாரும் தரக் கூடாது.

2. பங்குகள்

மொத்த முதலீடு 20 பங்குகள். ஒரு பங்கு ரூ.9,00,000. சண்முகம் 8 பங்கு (ரூ.72 லட்சம்), ஜெயந்தி 5 பங்கு (ரூ.45 லட்சம்), ரஹீம் 4 பங்கு (ரூ.36 லட்சம்), ஆரோக்கியசாமி 3 பங்கு (ரூ.27 லட்சம்).

இதே விகிதத்தில், 40, 25, 20, 15 சதவீதப் பிரிபடாத பாகமாக, கிரயப் பத்திரத்திலேயே நால்வர் பெயரும் பாகமும் எழுதப்படும். இது மிக முக்கியம். சொத்தில் எங்களுக்கு உரிமை தருவது கிரயப் பத்திரம்தான். இந்த உடன்படிக்கை எங்களுக்குள் நடந்துகொள்ளும் முறையை மட்டும் சொல்கிறது. கூட்டாண்மை நிறுவனமாகப் பதிவு செய்வது பற்றியும் பேசினோம். நிறுவனத்தின் லாபத்துக்கு நேரே 30 சதவீத வரி என்பதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பாகம் தெளிவாக இருந்தால் வாடகை வருமானத்தை அவரவர் தம் கணக்கில் காட்டி, அவரவர் வரி விகிதத்தில் கட்டலாம்.

மேற்பார்வை, அலைச்சல், ஆலோசனை எதற்காகவும் யாருக்கும் கூடுதல் பாகம் இல்லை. உழைப்புக்கு மாதப்படி உண்டு. அது 4 ஆம் பிரிவில் இருக்கிறது.

3. வட்டி

ரஹீம் வட்டி வாங்குவதுமில்லை, கொடுப்பதுமில்லை. ஆகவே இந்த உடன்படிக்கையில் எந்த இடத்திலும் வட்டி கிடையாது. கட்டடத்தின் மீது வங்கிக் கடனும் கிடையாது. பொதுப் பணம் நடப்புக் கணக்கில் மட்டும் இருக்கும். தாமதத்துக்கு வட்டிக்குப் பதிலாக வேறு ஏற்பாடு செய்திருக்கிறோம்.

4. வாடகையும் மாதக் கணக்கும்

இன்றைய வாடகை: கடை ஒன்றுக்கு ரூ.14,000, வீடு ஒன்றுக்கு ரூ.11,000. மொத்தம் மாதம் ரூ.72,000. அனைத்தும் நால்வர் பெயரில் தொடங்கும் பொதுக் கணக்கில் சேரும். பணம் எடுக்க ஜெயந்தியுடன் மற்றொருவரும் கையெழுத்திட வேண்டும்.

வந்த வாடகையிலிருந்து முதலில் 10 சதவீதம் பழுது நிதிக்குப் போகும். இரண்டாவதாக, கணக்கும் வாடகை வசூலும் பார்க்கும் ஜெயந்திக்கு மாதப்படி ரூ.2,500. மூன்றாவதாக சொத்து வரி, பொது மின்கட்டணம், கழிவுநீர், துப்புரவு; இவற்றுக்கு மாதம் ரூ.6,300 ஒதுக்குகிறோம். ஆறு இடங்களும் நிரம்பியிருந்தால் மீதி ரூ.56,000, பங்குக்கு ரூ.2,800. சண்முகத்துக்கு ரூ.22,400, ஜெயந்திக்கு ரூ.14,000, ரஹீமுக்கு ரூ.11,200, ஆரோக்கியசாமிக்கு ரூ.8,400. ஒவ்வொரு மாதமும் 10 ஆம் தேதிக்குள் அவரவர் கணக்குக்கு அனுப்பப்படும். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் அதற்கேற்பக் குறையும். அதற்காக யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாட்களுக்குள் கட்டித் தள்ளுபடியைப் பெற வேண்டியது ஜெயந்தியின் கடமை.

5. அட்வான்ஸ்

குடியிருப்பவர் கொடுக்கும் அட்வான்ஸ் நம் பணம் அல்ல. தமிழ்நாட்டின் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதற்கு மேல் நாங்கள் கேட்க மாட்டோம். வாங்கியது முழுவதும் தனிக் கணக்கில் இருக்கும். பழுதுக்கோ பங்கு வழங்கவோ அதைத் தொடக் கூடாது. காலி செய்து சாவி கொடுக்கும் அன்றே பணம் திரும்பப் போக வேண்டும். வாடகை ஒப்பந்தங்கள் அனைத்தும் எழுத்தில் இருக்கும். வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யப்படும்.

பங்குதாரரோ அவருடைய உறவினரோ குடிவந்தால் வெளியாள் கொடுக்கும் அதே வாடகை, அதே அட்வான்ஸ், அதே ஒப்பந்தம். முதல் தளத்தின் கிழக்கு வீட்டில் சண்முகத்தின் மருமகன் குடிவர விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ரூ.11,000 வாடகைக்கு வரலாம்.

6. முடிவெடுப்பது

குழாய், மின்விளக்கு, பூட்டு போன்ற ரூ.10,000 வரையான செலவை ஜெயந்தி தாமே செய்யலாம், ரசீது வேண்டும். தண்ணீர்க் குழாய் வெடித்தல், மின்கசிவு போன்ற அவசரத்தில் ரூ.25,000 வரை, மற்றொருவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செய்யலாம். ரூ.1 லட்சம் வரையான மற்றச் செலவுக்கு, குறைந்தது இருவராகச் சேர்ந்த 11 பங்குகளின் ஒப்புதல் வேண்டும்.

ரூ.1 லட்சத்துக்கு மேற்பட்ட செலவு, வாடகையைக் குறைத்தல், கடையின் தொழிலை மாற்றுதல், வாடகைதாரர் மீது வழக்கு, ஜெயந்தியின் பொறுப்பை மற்றொருவருக்கு மாற்றுதல் ஆகியவற்றுக்கு நால்வரில் மூவர் சம்மதிக்க வேண்டும். இங்கே பங்கை எண்ணாமல் தலையை எண்ணுவது வேண்டுமென்றே செய்தது. எந்த மூவர் சேர்ந்தாலும் 12 பங்குக்குக் குறையாது. சண்முகம் ஒருவர் மறுத்து எதையும் நிறுத்த முடியாது; 3 பங்கு வைத்திருக்கும் ஆரோக்கியசாமியின் சொல்லும் வீணாகாது.

கட்டடத்தை விற்பது, இடிப்பது, மேலே தளம் எழுப்புவது, ஈடு வைப்பது: நால்வரும் ஒப்ப வேண்டும். விற்பனைக்கு மட்டும் 10 ஆம் பிரிவு விலக்கு.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறன்று கட்டடத்தின் மாடியிலேயே கூடுவோம். மாடியில் கூடினால் தொட்டியும் மாடி ஓடுகளும் கண்ணில் படும். கணக்கு நோட்டு மட்டும் பார்த்துக் கலைய முடியாது. வெளியூரில் இருப்பவர் காணொளியில் கலந்துகொள்ளலாம்.

7. கூடுதல் பணம் தேவைப்பட்டால்

பழுது நிதி போதாதபோது, முடிவான செலவுக்குப் பங்கு விகிதத்தில் 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். ஒருவரால் முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லலாம். மற்றவர்கள் அவருக்காகப் போட்ட தொகை அவருடைய வாடகைப் பங்கிலிருந்து, தீரும்வரை, முழுமையாகக் கழிக்கப்பட்டு, போட்டவருக்குச் செல்லும். வட்டி இல்லை. அவருடைய பாகமும் தானாகக் குறையாது. பத்திரம் பதிந்தால் மட்டுமே பாகம் மாறும். அந்தத் தொகை 24 மாதங்களில் தீராவிட்டால், 9 ஆம் பிரிவின்படி பாகத்தில் ஒரு பகுதியை விற்றுத் தீர்க்குமாறு கேட்கலாம்.

8. செய்யக் கூடாதவை

எவரும் தம் பாகத்தைக் கடனுக்கு ஈடாகக் காட்டக் கூடாது. வெளியாருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தரக் கூடாது. கிரயப் பத்திரத்தின் அசல் வங்கிப் பெட்டகத்தில் ஜெயந்தி, ஆரோக்கியசாமி இருவர் பெயரில் இருக்கும். மற்ற இருவரிடமும் சான்றிட்ட நகல் இருக்கும்.

9. ஒருவர் விலகுவது

முதல் மூன்று ஆண்டுகள் விலக முடியாது. கடுமையான நோய், பிள்ளையின் மேற்படிப்பு, வேலை இழப்பு இவற்றுக்கு விலக்கு உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் விற்றால் வரும் லாபம் குறுகிய கால ஆதாயமாகி, வழக்கமான விகிதத்தில் வரி விழும் என்பதையும் அவர் நினைவில் கொள்ள வேண்டும்.

1882 ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டப்படி, பிரிபடாத பாகத்தை யாருக்கும் விற்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது. அந்த உரிமையை முதலில் எங்களுக்குள் பயன்படுத்துவோம் என்று இங்கே ஒப்புக்கொள்கிறோம். விலகுபவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற இரு மதிப்பீட்டாளர்கள், அவர் ஒருவரையும் மற்றவர்கள் ஒருவரையும் தேர்ந்தெடுக்க, முழுக் கட்டடத்தையும் மதிப்பிடுவார்கள். இரண்டின் சராசரியை 20 ஆல் வகுத்தால் ஒரு பங்கின் விலை. பிரிபடாத பாகம் வெளியில் குறைவாகத்தான் போகும் என்று சொல்லி விலையைத் தட்டக் கூடாது. பல ஆண்டுகள் உடனிருந்தவருக்குச் செய்யும் மிகப் பெரிய அநியாயம் அதுதான்.

மற்றவர்கள் 60 நாட்களுக்குள், தத்தம் பங்கு விகிதத்தில், வாங்கலாம். ஒருவர் வேண்டாமென்றால் அவர் பகுதி மற்றவர்களுக்கு. பணத்தை 12 மாதங்களுக்குள் தவணையாகவும் தரலாம். முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே பத்திரம் பதிவாகும். அதுவரை அந்தப் பங்குகளின் வாடகை விலகுபவருக்கே போகும். வட்டிக்குப் பதிலாக நாங்கள் கண்ட வழி இது. பத்திரச் செலவு வாங்குபவருடையது, ஆதாய வரி விற்பவருடையது.

எவரும் வாங்காவிட்டால் வெளியாருக்கு விற்கலாம். வெளியார் சொன்ன விலையை எழுத்தில் காட்டிய 15 நாட்களுக்குள், அதே விலைக்கு எங்களில் யாரும் வாங்கலாம். வெளியார் வாங்கினால் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகே பத்திரம் பதிய வேண்டும்.

10. ஏழாம் ஆண்டில்

2032 ஏப்ரல் கூட்டத்தில், வைத்துக்கொள்வதா விற்பதா என்று ஒவ்வொருவரையும் கேட்போம். மூவர் விற்க விரும்பினால், நான்காமவர் 120 நாட்களுக்குள் 9 ஆம் பிரிவின் விலைக்கு மூவரின் பாகத்தையும் வாங்கலாம். இல்லையென்றால் அவரும் விற்பனையில் கையெழுத்திட வேண்டும். படிக்கட்டு ஒன்று, தொட்டி ஒன்று, மோட்டார் ஒன்று உள்ள கட்டடத்தைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியாது. நீதிமன்றம் போனாலும் 1893 ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கும் நிலைதான் வரக்கூடும்.

11. இறப்பு

பாகம் சட்டப்படியான வாரிசுகளுக்கோ உயிலில் சொன்னவருக்கோ சேரும். அவர்கள் தங்களில் ஒருவரைப் பேசுவதற்கு நியமிக்க வேண்டும். வாரிசுச் சான்று வரும்வரை அந்த வாடகைப் பங்கு பொதுக் கணக்கில் தனியே எழுதப்பட்டு இருக்கும். அவசரத் தேவைக்கு வாழ்க்கைத்துணைக்குக் கொடுக்கலாம். முதல் ஓராண்டில் அந்தக் குடும்பத்தை விற்குமாறு வற்புறுத்தக் கூடாது. நால்வரும் இந்த உடன்படிக்கையை வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறோம்.

12. கருத்து வேறுபாடு

முதலில் நேரில் பேச வேண்டும். 30 நாட்களில் தீராவிட்டால், நால்வரும் ஒப்பும் ஒரு வழக்கறிஞரை 1996 ஆம் ஆண்டு இசைவுத் தீர்ப்புச் சட்டப்படி நடுவராக வைப்போம். இடம் திருச்சிராப்பள்ளி, மொழி தமிழ். செலவை நடுவர் சொல்கிறபடி ஏற்போம்.

13. முதல் ஆறு மாத வேலைகள்

ஆகஸ்ட் 10 ஆம் தேதி நால்வரும் நேரில் பார்த்தபோது, முதல் தள மேற்கு வீட்டின் குளியலறைக் கசிவு இரண்டாவது கடையின் கூரையில் தட்டு அளவுக்குப் பூஞ்சைக் கறையாக இறங்கியிருந்தது. கடைக்காரர் அதற்குக் கீழே வாளி வைத்திருந்தார். மாடி ஓடு மூன்று இடங்களில் விரிசல் விட்டிருக்கிறது. ரூ.5,00,000 இல், மாடிக் கசிவுத் தடுப்புக்கு ரூ.1,80,000, குளியலறைக் குழாய்களுக்கு ரூ.1,40,000, மோட்டாருக்கும் தொட்டிக்கும் ரூ.60,000. மீதி ரூ.1,20,000 பழுது நிதியின் தொடக்க இருப்பு. வடகிழக்குப் பருவமழை வருமுன் மாடி வேலை முடிய வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஆரோக்கியசாமி ஏற்றிருக்கிறார்.

முத்திரைத்தாளில் நான்கு பிரதிகள் எழுதி, படித்துப் பார்த்து, இரு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டோம்.

சண்முகம், ஜெயந்தி, ரஹீம், ஆரோக்கியசாமி