புறநானூறு 95: நீ அனுப்பிய கேள்விக்கு விடை

பாப்பா, போட்டோ வந்தது. குண்டு பல்ப் வெளிச்சத்தில் எடுத்திருக்கிறாய் போல, பாதிப் பக்கம் மஞ்சள், ஓரத்தில் உன் கட்டைவிரல், கடைசி இரண்டு அடி வெட்டுப்பட்டிருக்கிறது. பரவாயில்லை, பாட்டு எனக்கு மனப்பாடம். முழுதும் கீழே தருகிறேன். விடையை நோட்டில் எழுதும் முறையிலேயே எழுதியிருக்கிறேன். “பாப்பாவுக்கு” என்று வருவதை மட்டும் விட்டுவிட்டு எழுது.

இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டிக்
கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய் அணிந்து,
கடியுடை வியன்நகர் அவ்வே, அவ்வே,
பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து,
கொல்துறைக் குற்றில மாதோ, என்றும்
உண்டாயின் பதம் கொடுத்து,
இல்லாயின் உடன் உண்ணும்
இல்லோர் ஒக்கல் தலைவன்,
அண்ணல் எம் கோமான் வைந்நுதி வேலே.

அ) பாடலின் பொருளை எழுதுக.

பாடியவர் ஔவையார். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அதைக் கண்டு பாடியது இப்பாடல். திணை: பாடாண். துறை: வாள்மங்கலம்.

இங்குள்ள படைக்கருவிகள் மயில்தோகை அணிந்து, மாலை சூட்டப்பட்டு, திரண்ட வலிய காம்பு செப்பம் செய்யப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவலுடைய அகன்ற அரண்மனையில் இருக்கின்றன. செல்வம் உள்ளபோது உணவு கொடுத்தும், இல்லாதபோது உள்ளதைப் பகிர்ந்து உடன் உண்டும் வாழ்பவன், வறியோர் சுற்றத்தின் தலைவனாகிய எம் அரசன் அதியமான். அவனுடைய கூரிய வேல்களோ பகைவரைக் குத்தியதால் பக்கமும் நுனியும் சிதைந்து, கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன.

பாப்பாவுக்கு: இங்கேதான் பல பிள்ளைகள் சறுக்குவார்கள். ‘குற்றில’ என்பதைக் ‘குற்றம் இல்லை’ என்று எழுதிவிடாதே. குறு + இல், சிறிய வீடு. கொல்லன் வேலை செய்யும் சின்னக் கொட்டகை. ‘மாதோ’ அசைச்சொல், அதற்குப் பொருள் தேடாதே. உங்கள் வீட்டுத் திண்ணை மூலையில் தாத்தாவின் கொடுவாள் இருக்குமே, அடிக்கடி தீட்டித் தீட்டி நடுவில் பள்ளம் விழுந்தது, வருஷத்துக்கு இரண்டு தடவை பட்டறைக்குப் போய் வருவது. அதையும், போன ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த பிறகு யாரும் தொடாத புது வாளையும் பக்கத்தில் வைத்துப் பார். பாட்டு அவ்வளவுதான்.

ஆ) தொடை நயங்களை எழுதுக.

எதுகை: முதல் எழுத்து அளவொத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது.
இல்லாயின் – இல்லோர் (அடி எதுகை)
இவ்வே – அவ்வே

மோனை: முதல் எழுத்து ஒன்றி வருவது.
கண்திரள் – கடியுடை (அடி மோனை)
கொல்துறை – குற்றில (சீர் மோனை. கொ, கு இரண்டும் இன எழுத்தாதலால் மோனையாகும்.)

இயைபு: இறுதி எழுத்தோ அசையோ ஒன்றி வருவது.
நெய் அணிந்து – நுதி சிதைந்து

பாப்பாவுக்கு: இல்லாயின், இல்லோர் இரண்டிலும் முதல் எழுத்தும் ஒன்றுதான், அதனால் மோனையும் உண்டு. ஒன்றை இரண்டு இடத்திலும் சான்றாக எழுதினால் தப்பில்லை. ஆனால் வேறு சான்று இருக்கும்போது எதற்கு?

இ) இப்பாடலில் பயின்று வந்துள்ள அணியை விளக்குக.

அணி: வஞ்சப்புகழ்ச்சி அணி.

விளக்கம்: புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும் வஞ்சப்புகழ்ச்சி அணியாகும்.

பொருத்தம்: தொண்டைமானின் படைக்கருவிகள் அழகாக அலங்கரிக்கப்பட்டுள்ளன என்று ஔவையார் புகழ்வது போலக் கூறுகிறார். ஆனால் அவை போரைக் காணாதவை என்பதே அதன் உட்பொருள்; எனவே இது பழிப்பு. அதியமானின் வேல்கள் சிதைந்து கொல்லன் கூடத்தில் கிடக்கின்றன என்று குறை கூறுவது போலக் கூறுகிறார். அவை பல போர்களில் பகைவரைக் குத்தியவை என்பதே உட்பொருள். எனவே இது புகழ்ச்சி. ஆதலால் இப்பாடலில் வஞ்சப்புகழ்ச்சி அணி அமைந்துள்ளது.

பாப்பாவுக்கு: ‘பொருத்தம்’ எழுதாமல் அணியின் பெயரோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் வர வேண்டும், தொண்டைமான் ஒரு வாக்கியம், அதியமான் ஒரு வாக்கியம். அப்புறம், ஔவையார் அதியமானின் வீரத்தைச் சொல்லும்போதே ‘உடன் உண்ணும்’ என்று நடுவில் அவன் மனசையும் சொல்லிவிடுகிறார் பார், எனக்கு அதுதான் பிடித்த அடி. அணியில் அது வராது, ஆனால் ‘பொருளில்’ விட்டுவிடாதே.

தகடூர் என்று சங்கப் பாட்டில் வருவது நம்ம தருமபுரிதான், தெரியும் இல்லையா? அதியமான்கோட்டை வழியாகத்தானே சேலம் பஸ்ஸில் போகிறாய். வினா அதைக் கேட்கவில்லை, எழுத வேண்டாம்.

எழுதி முடித்ததும் இன்னொரு போட்டோ அனுப்பு, பகல் வெளிச்சத்தில், விரலை எடுத்துவிட்டு.

– பாலக்கோட்டு அத்தை