டப்பா போனும் நம்ம காதும்

எல்லாரும் வந்தாச்சா? பெஞ்சு வேண்டாம் இன்னைக்கு, தரையிலயே உக்காருங்க, நடுவுல மட்டும் ஒரு வழி விடுங்க, நூலை இந்த சுவத்துல இருந்து அந்த சுவர் வரைக்கும் நீட்டணும். கவின், டப்பாவை உருட்டாதடா, கீழ வை.

இது என்னன்னு தெரியுதா? ஆமா, போன்தான். நாங்க சின்னப்பிள்ளையா இருந்தப்போ தீப்பெட்டியில செய்வோம், ரெண்டு தீப்பெட்டி, நடுவுல தையல் நூல், குச்சியை உடைச்சு உள்ள முடிச்சு போட்டுக்குவோம். இது பால் பவுடர் டப்பா. அடியில ஆணி வச்சு ஒரே ஒரு ஓட்டை, அதுல நூலை விட்டு உள்பக்கம் ஈர்க்குச்சியில கட்டியிருக்கேன், இழுத்தா உருவிட்டு வராது. வாய் வைக்கிற ஓரம் கையை கிழிச்சிடும்னு சுத்தி டேப் ஒட்டியிருக்கேன், அந்த டேப்பை மட்டும் யாரும் பிச்சு விளையாடாதீங்க.

யாழினி, நீ ஒண்ணை எடுத்துட்டு வராண்டாவுக்கு போ. நூல் தொங்கக்கூடாது, காத்தாடி நூல் மாதிரி விறைப்பா இருக்கணும். டப்பாவை காதுல வை. கவின், நீ இதுல வாயை வச்சு மெதுவா, பக்கத்துல இருக்கவனுக்கே கேக்காத மாதிரி, இன்னைக்கு சத்துணவுல என்னன்னு சொல்லு.

என்ன சொன்னான் யாழினி? முட்டையா! பாத்தீங்களா, முன்னாடி உக்காந்திருக்க உங்களுக்கு கேக்கல, அவ்வளவு தூரத்துல நிக்கிற அவளுக்கு கேட்டுடுச்சு.

இப்போ யாழினி ரெண்டு அடி முன்னாடி வா. நூல் தொங்குதா? கவின் இன்னொரு தடவை சொல்லு. கேக்கலையா? அதே டப்பா, அதே நூல், அதே கவின். சரி, திரும்ப விறைப்பா பிடிங்க, இப்போ பாண்டி எந்திரிச்சு வந்து நூலை நடுவுல ரெண்டு விரலால இறுக்கி பிடிக்கப் போறான். பேசு கவின். என்ன ஆச்சு? கட் ஆயிடுச்சு. பாண்டி, உன் விரல்ல என்னமோ ஆச்சுல்ல, சொல்லு எல்லாருக்கும். எறும்பு ஓடுற மாதிரி இருந்துச்சாம்! அந்த எறும்புதான் இன்னைக்கு பாடம்.

எல்லாரும் தொண்டையில கை வைங்க. ம்ம்ம்ம்னு சொல்லுங்க. அதே எறும்பு உங்க தொண்டையிலயும் ஓடுதா? அதுக்குப் பேரு அதிர்வு. ஒண்ணு படபடன்னு அங்கிட்டும் இங்கிட்டும் ஆடணும், அப்போதான் சத்தம் பிறக்கும். கோயில் மணியை அடிச்ச உடனே தொட்டுப் பாத்திருக்கீங்களா, ஙொய்ங்னு கைக்குள்ள ஆடும், இறுக்கி பிடிச்சா சத்தம் செத்துடும், பாண்டி நூலை பிடிச்ச மாதிரியே.

சரி, நூல் இல்லாம நான் பேசுறது எப்படி உங்களுக்கு கேக்குது? நமக்கு நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்லையா? கைய வீசிப் பாருங்க. காத்து இருக்குல்ல. ப்ரேயர் லைன்ல கடைசியில நிக்கிறவன் முன்னாடி நிக்கிறவனை லேசா தள்ளுவான், அவன் அதுக்கு முன்னாடி இருக்கவனை இடிப்பான், கடைசியில முதல் ஆள் வந்து எங்கிட்ட டீச்சர் தள்ளுறாங்கன்னு சொல்லுவான், ஆனா பாருங்க கடைசி பையன் நின்ன எடத்துலயேதான் நிக்கிறான், தள்ளு மட்டும்தான் முன்னாடி வந்துச்சு. காத்துலயும் அப்படித்தான். என் வாயில இருக்க காத்து உங்க காதுக்குள்ள பறந்து வர்றதில்ல, தள்ளு மட்டும் வருது. ஒரு செகண்டுல கிட்டத்தட்ட 340 மீட்டர். வேகம்தான், ஆனா வெளிச்சத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல, அதனாலதான் மின்னல் முதல்ல, இடி அப்புறம். மின்னலை பாத்ததும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க, மூணு செகண்டுல இடி கேட்டா இடி சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி.

இப்போ அந்த தள்ளு உங்க காதுகிட்ட வந்துடுச்சு. வெளியில தெரியுற இதுக்கு காது மடல்னு பேரு, கம்மல் போடுறதுக்காக வச்சது இல்ல இது, சத்தத்தை உள்ள தள்ளி விடுற புனல். பின்னாடி ரெண்டு கையையும் குவிச்சு வச்சுக்கிட்டு நான் பேசுறதை கேளுங்க. சத்தமா கேக்குதா? நம்ம தாத்தாங்க எல்லாம் என்னாது என்னாதுன்னு கையை வைப்பாங்களே, அது சும்மா இல்ல.

மடலுக்கு உள்ள ஒரு சின்ன குகை, ரெண்டரை சென்டிமீட்டர் இருக்கும். அது முடியுற எடத்துல ஒரு தோல் இழுத்துக் கட்டியிருக்கு. உடுக்கையில, தவில்ல இருக்குமே அந்த மாதிரி, ஆனா உங்க சுண்டுவிரல் நகத்தளவுதான், ரொம்ப மெலிசு. செவிப்பறைன்னு பேரு. பறைங்கிற பேரை எவ்வளவு பொருத்தமா வச்சிருக்காங்க பாருங்க. இந்த கிண்ணத்துல ஒரு பலூனை வெட்டி இழுத்துக் கட்டி மேல கொஞ்சம் ரவை தூவியிருக்கேன். பாண்டி, வாயை கிட்ட கொண்டு போய் ஊதாம ஓஓன்னு கத்து. ஊதாதடா! கத்து. குதிக்குதா ரவை? உங்க செவிப்பறையும் இப்போ நான் பேசப் பேச இப்படித்தான் குதிச்சிட்டு இருக்கு, உங்களுக்கே தெரியாம.

அப்போ டப்பா போன்ல செவிப்பறை எது? ஆங், யாழினி வச்சிருந்த டப்பாவோட அடித்தகடு மாதிரி. கரெக்ட். நூல் எது? யோசிங்க. செவிப்பறைக்கு பின்னாடி மூணு குட்டி எலும்பு ஒண்ணையொண்ணு தொட்டுட்டு நிக்குது. ஒண்ணு சுத்தியல் மாதிரி, ஒண்ணு கொல்லர் பட்டறையில இரும்பை வச்சு அடிக்கிற பட்டடை மாதிரி, கடைசி எலும்பு குதிரை மேல உக்காருறவங்க கால் வைக்கிற வளையம் இருக்குல்ல, அங்கவடி, அது மாதிரி. அதுதான் நம்ம உடம்புலயே சின்ன எலும்பு, 3 மில்லிமீட்டர்தான், அரை அரிசி. இந்த மூணும்தான் நம்ம நூல்.

எதுக்கு எலும்பு, நேரா உள்ள போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி, நீங்க கேக்கல, நானே கேட்டுக்குறேன். கிணத்துல முங்கிட்டு இருக்கும்போது மேல இருந்து அண்ணன் கத்துறது கேக்குமா? சரியாவே கேக்காது. காத்துல வர்ற சத்தம் தண்ணி மேல பட்டா பெரும்பகுதி திரும்பிப் போயிடும், தண்ணியை ஆட்டுறது கஷ்டம். நம்ம காதுக்கு உள்ளயும் தண்ணிதான் இருக்கு! நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குட்டி எடம், ரெண்டரை சுத்து, உள்ள தண்ணி. அதை ஆட்டணும்னா பலம் வேணும். செருப்புக்காலு மிதிச்சா அவ்வளவா வலிக்காது, அதே ஆளு ஒரு முள்ளு நுனியில அழுத்தினா? உள்ள இறங்கிடும்ல. பெரிய தோலுல வாங்கின தள்ளை எல்லாம் சேத்து, அரை அரிசி எலும்போட அடியில, ஒரு சின்ன ஜன்னல் மேல அழுத்துது. தண்ணி ஆடிடும். யாரு இதை கண்டுபிடிச்சு வச்சாங்களோ, எனக்கு ஒவ்வொரு வருஷமும் இந்த எடம் வந்தா சிலிர்க்கும்.

தண்ணி ஆடினா? உள்ள குட்டிக்குட்டி முடி வச்ச செல்லுங்க இருக்கு, ஒரு காதுல சுமார் 15,000. காத்தடிச்சா நாத்து எல்லாம் சாயுமே, அந்த மாதிரி அந்த முடிங்க சாயும். சாஞ்ச உடனே ஒரு குட்டி கரண்ட், நரம்பு வழியா மூளைக்கு போகும். கீச்சுன்னு குருவிச் சத்தம்னா நத்தையோட வாசல்கிட்ட இருக்க முடி ஆடும், லாரி மாதிரி கொம்முன்னு தடிச்ச சத்தம்னா சுருளோட உள் முனையில இருக்கிறது ஆடும். எந்த முடி ஆடுச்சுன்னு பாத்து மூளை சொல்லும், ஓ இது அம்மா கூப்பிடுறாங்க, ஓடு, இல்லாட்டி அடி விழும்னு.

டப்பா போன்ல இந்த கடைசி பாதி கிடையாது, டப்பா ஆடுறதோட முடிஞ்சிடும். டப்பாவுக்கு காது கேக்காது, யாழினிக்குத்தான் கேக்கும்.

இந்த முடி இருக்கே, தலைமுடி மாதிரி இல்ல. போச்சுன்னா போச்சு, மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும், நமக்கு முளைக்காது, என்ன அநியாயம் பாருங்க. அதனாலதான் தீபாவளிக்கு அணுகுண்டு வைக்கிறப்போ தள்ளி நின்னு காதை பொத்துங்கன்னு சொல்றது.

காதுல எதையாவது விட்டுப் பாத்தவங்க கை தூக்குங்க. பொய் சொல்லக்கூடாது. நானே தூக்குறேன், மூணாங்கிளாஸ்ல ஒரு பாசிமணியை உள்ள விட்டேன். எங்கம்மா ஹேர்பின்ன வச்சு எடுக்கப் போய் அது இன்னும் உள்ள போயிடுச்சு, நான் ஊரே கேக்குற மாதிரி அழுதேன், கடைசியில டாக்டர் ஒரு கொக்கி மாதிரி ஒண்ண வச்சு ஒரே செகண்டுல எடுத்தாரு. அந்தக் கொக்கி அவர்கிட்ட இருக்கட்டும், நம்ம கையில குச்சி, பட்ஸ், பென்சில் எதுவும் வேண்டாம். அழுக்குன்னு நினைக்கிறோமே அந்த காது மெழுகு, தூசியையும் பூச்சியையும் பிடிச்சு வைக்கிற வாட்ச்மேன், வேலை முடிஞ்சா பெரும்பாலும் அதுவே வெளியில வந்துடும்.

என்னடா முகில்? போடிமெட்டு ஏறுறப்போ காது அடைக்குதா? எனக்கும் அடைக்கும். செவிப்பறைக்கு பின்னாடி ஒரு சின்ன காத்து அறை, அதுல இருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருக்கு. மலை ஏற ஏற வெளிக்காத்து லேசாகும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும், தோல் வெளிப்பக்கம் உப்பிக்கும். எச்சி முழுங்கினா குழாய் திறக்கும், பட்டுன்னு சரியாகும். புளிப்பு மிட்டாய் எதுக்கு வாங்கிட்டு போறோம்னு இப்போ தெரியுதா?

பாம்புக்கு காது இருக்கான்னு யாரு கேட்டது? வெளியில மடலும் கிடையாது, செவிப்பறையும் கிடையாது. ஆனா தரையில வர்ற அதிர்வு தாடை எலும்பு வழியா உள்காதுக்கு போயிடும். சுவர்க்கோழிக்கு காது எங்க தெரியுமா? முன்னங்கால்ல! சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

எலும்பு வழியா கேக்குறது நமக்கும் உண்டு. இதோ கரண்டி, நடுவுல நூல் கட்டியிருக்கேன். ரெண்டு நுனியையும் ரெண்டு ஆள்காட்டி விரல்ல சுத்தி, விரலை காதை மூடுற மாதிரி வச்சுக்கணும், விரல் நுனி உள்ள போக வேண்டாம். கரண்டியை மேசையில தட்டு. யாழினி, உனக்கு என்ன கேட்டுச்சு? கோயில் மணியா! மத்தவங்களுக்கு வெறும் டிங்குதான். நூல், விரல், எலும்பு வழியா அவளுக்கு மட்டும் மணி.

சரி, நாலு நாலு பேரா பிரிஞ்சுக்கோங்க, டப்பா ஆறு ஜோடி இருக்கு. வெளியில வேப்பமரம் இருக்குல்ல, அந்த மூலையை சுத்தி நூல் மரத்துல உரசுற மாதிரி பேசிப் பாருங்க, அப்புறம் உரசாம பேசிப் பாருங்க, ரெண்டுலயும் என்ன கேட்டுச்சுன்னு ஸ்லேட்ல எழுதிட்டு வாங்க. கவின், நூலை யாரு கழுத்துலயும் சுத்தாத. முதல்ல யாரு பேசுறது? சண்டை போட்டா டப்பாவை வாங்கி வச்சிடுவேன்.