தாயின் பெயர்

அந்த வருஷம் மேல்பிரிவிலிருந்து ஓ.எல். எழுத இருந்தது நானும் சுதாவும் மட்டும்தான். அதனால் எங்கள் இரண்டு பேர் மூளையும் தோட்டத்துப் பொதுச் சொத்தாகிவிட்டது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் அம்மாவை மறித்து, "மக எத்தன 'ஏ' எடுக்கும்?" என்று கேட்பார்கள். கோயில் பூசாரி திருநீறு பூசும்போதே, "கணக்கு பாஸாகணும் புள்ள" என்பார். கணக்குப் போனால் ஏ.எல். இல்லை. ஏ.எல். இல்லையென்றால் கொழும்பு. துணிக்கடை, கார்மெண்ட்ஸ், இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் குசினி. இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லயத்தில் பாதிக் காம்பராக்களில் அந்தக் கதை இருக்கிறது.

எனக்குக் கணக்கு வராது. சுதாவுக்கு அதுதான் வரும். தமிழ்க் கட்டுரையில் அரைப் பக்கத்துக்கு மேல் போகமாட்டாள், ஆனால் கேத்திரகணிதத்தில் டீச்சர் கரும்பலகைக்கு நகர்வதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். பொழுது சாய்ந்ததும் அவள் வீட்டு இஸ்தோப்பில் பாய் விரித்து, ஹட்டன் டவுனில் வாங்கிய பாஸ் பேப்பர் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவோம். அவள் அம்மா தேத்தண்ணியும் சீனித்துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே போய்விடுவார். அம்மா என்றாலும் அம்மாயி வயசு இருக்கும். சுதாவைக் கடைக்குட்டி என்பார்கள். கடைக்குட்டிக்கும் அக்காவுக்கும் நடுவில் இத்தனை வருஷம் ஏன் என்று கேட்க எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

அடையாள அட்டை விஷயம் வந்த பிறகுதான் எல்லாம் கோணலானது. அட்டை இல்லாமல் பரீட்சை ஹோலில் சிக்கல் வரும், பள்ளிக்கூடத்தாலேயே விண்ணப்பம் அனுப்பலாம், எல்லாரும் பெர்த் சர்ட்டிபிகேட் கொண்டுவாருங்கள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். சேகரிக்கும் வேலை மொனிட்டருக்கு. அவன் கொடுத்ததை வாங்கி ஃபைலில் வைத்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றையும் விரித்து, "டேய், உன் அப்பா பேரு வெள்ளையனா?" என்று கடைசி வாங்கு வரைக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பான். வகுப்பே சிரிக்கும்.

சுதா கொண்டுவரவில்லை. தொலைந்துபோச்சு என்றாள். அடுத்த கிழமை, அக்கா எடுத்து அனுப்புவா என்றாள். அதற்கடுத்த கிழமை பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

இஸ்தோப்பில் பாய் விரித்திருந்தது, அவளும் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கணக்கு ஓடவில்லை. இருபடிச் சமன்பாடு ஒன்றில் ஏழிலிருந்து பன்னிரண்டைக் கழித்து ஐந்து என்று எழுதினாள். நான் எழுதினால் அது செய்தியே இல்லை. சுதா எழுதினாள்.

"மைனஸ் ஐந்துடி."

பேனையை மூடி வைத்தாள். "நாளைக்கு ஸ்டோர் பக்கம் வர்றியா? இங்க வேணாம்."

தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மிஷின் சத்தத்தில் அங்கே பேசுவது யாருக்கும் கேட்காது. சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். அக்கா கச்சேரியில் எடுத்து, ஊருக்கு வந்த ஒருத்தரிடம் ஒட்டிய என்வலப்பில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். 'பிரிக்காம டீச்சர்கிட்ட குடு' என்று போனில் சொன்னாராம். இவள் பஸ்ஸிலேயே பிரித்துவிட்டாள்.

தகப்பன் பகுதியில் ஒரு கோடு. பெற்றோர் விவாகஞ் செய்தவரா என்ற இடத்தில் 'இல்லை'. தாயின் பெயர் இருந்த இடத்தில் அவள் அக்காவின் பெயர். தாயின் வயது 16.

"அக்காவுக்கு இப்ப முப்பத்தொண்ணு. எனக்குப் பதினஞ்சு. கழிச்சுப் பாத்தேன். திரும்பத் திரும்பக் கழிச்சுப் பாத்தேன்டி. அதே விடைதான் வருது."

என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன்பதாம் ஆண்டோட நிப்பாட்டி கொழும்புல ஒரு வீட்டு வேலைக்கு அனுப்புனாங்க. ஒரு நாள் சம்பளமும் இல்லாம திரும்பி வந்துச்சு. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் அம்மாகிட்ட கேட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கிச்சு."

"அக்காகிட்ட?"

"எப்படிக் கேக்குறது? போன் எடுத்தாலே 'சாப்பிட்டியா, படிக்கிறியா'ன்னுதான் கேக்கும். நான் 'ம்' சொல்லிட்டு வச்சுர்றேன்." மூக்கை உறிஞ்சினாள். "மொனிட்டர் இத வாசிச்சான்னா நான் பள்ளிக்கூடம் வரமாட்டேன். சோதினையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சோதனை வேண்டாம் என்று சுதா சொல்லிக் கேட்டது எனக்கு அந்தக் காகிதத்தை விடப் பயமாக இருந்தது.

"மொனிட்டர்கிட்ட ஏன் குடுக்கணும்? டீச்சர்கிட்ட குடுப்போம்."

"டீச்சரும் வாசிப்பாங்கதானே."

"வாசிப்பாங்க. ஒருத்தர் வாசிக்கிறதும் முப்பத்தெட்டுப் பேர் வாசிக்கிறதும் ஒண்ணாடி? நீதானே கணக்குக்காரி."

சிரிக்கவில்லை. ஆனால் காகிதத்தை மடித்துத் திரும்பச் சட்டைக்குள் வைத்தாள், கிழிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவள் சத்தியம் வாங்கவும் இல்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

மறுநாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்குப் போனோம். டீச்சர் என்வலப்பைத் திறந்து வாசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் ஒரு வரியில் நின்றது, பிறகு நகர்ந்தது. விண்ணப்பத்தை எடுத்துத் தன் கையாலேயே நிரப்பினார். "பிறந்த இடம் டிக்கோயா ஆஸ்பத்திரிதானே? இங்க கையெழுத்துப் போடு. கோட்டுக்கு வெளிய போகக் கூடாது." சர்ட்டிபிகேட்டை அதிபரிடம் தானே கொண்டுபோவதாகச் சொன்னார். நாங்கள் கதவருகே வந்ததும் கூப்பிட்டார்.

"சுதா, உன்ன யாராவது இத வச்சு ஒரு வார்த்த சொன்னா எனக்கு வந்து சொல்லணும். அதுக்கு மேல யார்கிட்டயாவது பேசணும்னு இருந்தாலும் வா. அவசரம் இல்ல. சோதினை முடிஞ்சு வந்தாலும் சரி."

அன்றிலிருந்து மொனிட்டருக்கு ஃபைல் வேலை போய்விட்டது. ஏன் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

அட்டை பரீட்சைக்கு முன்பே வந்துவிட்டது. சுதா அதை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தாள். "இதுல அம்மா பேரும் இல்ல, அப்பா பேரும் இல்ல. என் பேரு மட்டும்தான்டி இருக்கு. முதல்லயே தெரிஞ்சிருந்தா இவ்வளவு அழுதிருக்கமாட்டேன்." படத்தில் அவள் கண் வீங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

கணக்கு முடிந்து வெளியே வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. பாஸாவேனா என்று சொல்லத் தெரியவில்லை. பகுதி இரண்டில் திரிகோணகணித வினாவை பாதியில் விட்டிருந்தேன். சுதாவிடம் விடை கேட்கலாம் என்று திரும்பினால் அவள் நின்றுவிட்டாள்.

கேட்டுக்கு வெளியே அக்கா. கையில் சோற்றுப் பார்சல், தோளில் கார்மெண்ட்ஸ் பை. முதல் நாள் இரவு பஸ் ஏறியிருக்க வேண்டும், முகத்தில் தூக்கமே இல்லை. எங்களைப் பார்த்ததும் பக்கத்தில் வரவில்லை. வரலாமா என்று கேட்கிற மாதிரி அங்கேயே நின்றார்.

சுதா விறுவிறுவென்று நடந்து போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏன் வந்தீங்க? லீவு போட்டா அட்டென்டன்ஸ் காசு வெட்டுவாங்கதானே?"

"வெட்டட்டும்."

"வெட்டட்டுமா? போன மாசமும் காய்ச்சல்ல போச்சுன்னீங்க. இப்படியே வெட்டிக்கிட்டிருந்தா நான் ஏ.எல். எப்படிப் படிக்கிறது?"

அக்காவுக்கு வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. சுதா அவர் தோளிலிருந்த பையைப் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மேல்பிரிவு பஸ் வருது பாரு. ஓடிப்போய் மூணு சீட் புடிடி."