மே 6 உள்ளூராட்சித் தேர்தல்: நம் தொடர்மாடிக் குடியிருப்பாளர்களுக்கான திருத்திய அறிவித்தல்

வெள்ளவத்தை, ஏப்ரல் 27, 2025

அன்பான அயலவர்களுக்கு,

வெள்ளிக்கிழமை நான் குழுவில் போட்ட தேர்தல் அறிவித்தலை நீக்கிவிட்டேன். கீழ் மாடிப் பலகையில் ஒட்டியதையும் கழற்றிவிட்டேன். அதை வேறு குழுக்களுக்கு அனுப்பியவர்கள் தயவுசெய்து அங்கும் இதை அனுப்பிவிடுங்கள்.

அன்று மாலையே மூன்றாம் மாடி அக்கா அழைத்துச் சொன்னார்: "தம்பி, இதை வாசிச்சா நீங்கள் ஆருக்குப் போடச் சொல்லுறியள் எண்டு விளங்குது." திரும்ப வாசித்தேன். அவர் சொன்னது சரி. "நம் வாக்குகள் சிதறக்கூடாது" என்று எழுதியிருந்தேன். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று நான் சொல்லாவிட்டாலும் வாசிப்பவருக்கு ஒரு பக்கம் தெரியும். "குப்பை அள்ளாதவர்களுக்குப் பாடம் புகட்டுவோம்" என்ற வரியும் அப்படித்தான். புள்ளடி இடும் முறையைக் காட்ட நான் சேர்த்த படத்தில் உண்மையான ஒரு கட்சியின் சின்னத்துக்கு எதிரில் புள்ளடி இருந்தது. அது பெரிய தவறு. இந்தக் கட்டடத்தில் நான்கைந்து கட்சிகளுக்கு வாக்களிப்பவர்கள் இருக்கிறோம். எல்லோருடைய பராமரிப்புப் பணத்திலும் இயங்கும் ஒரு நலன்புரிச் சங்கத்தின் பெயரில் ஒருவருக்குச் சாய்ந்து எழுத எனக்கு உரிமை இல்லை. யாருக்கு வாக்களிப்பவருக்கும் ஒரே அளவில் உதவும் விடயங்களை மட்டும் இப்போது எழுதியிருக்கிறேன்.

வாக்களிப்பு மே 6, செவ்வாய்க்கிழமை, காலை 7 மணி முதல் மாலை 4 மணி வரை. நான்கு மணிக்குப் பின் போனால் பயனில்லை. வேலை முடிந்து வரும் வழியில் போடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பழைய அறிவித்தலில் நான் நேரத்தை எழுதவே மறந்திருந்தேன்.

முதலில் உங்கள் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். இந்தத் தேர்தலுக்குப் பயன்படுவது 2024 வாக்காளர் இடாப்பு. இப்போது புதிதாகப் பெயர் சேர்க்க முடியாது. அண்மையில் இங்கே வாடகைக்கு வந்தவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே இருக்கக்கூடும். அப்படியானால் அங்கே போய்த்தான் வாக்களிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம், அல்லது elections.gov.lk தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று: வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குள் வருகிறது. தெஹிவளையில் பதிவுள்ளவர்களுக்கு அது தெஹிவளை–கல்கிசை மாநகர சபைத் தேர்தல். ஒரே குடும்பத்தில் அப்பாவும் மகளும் இரண்டு சபைகளுக்கு வாக்களிக்கும் நிலை நம் கட்டடத்திலேயே இருக்கிறது.

வாக்காளர் அட்டை தபாலில் வரும். பகலில் வீட்டில் ஆள் இல்லாததால் பலருக்கு அது கைக்குக் கிடைக்கவில்லை என்று தெரியும். உங்கள் பகுதிக்குத் தபால் விநியோகிக்கும் தபால் நிலையத்துக்கு அடையாள அட்டையுடன் போனால் பெற்றுக்கொள்ளலாம். தேர்தல் தினத்தன்றும் கொடுப்பார்கள். வாக்காளர் அட்டை இல்லாமலும் வாக்களிக்கலாம், பெயர் இடாப்பிலும் அடையாள ஆவணம் கையிலும் இருந்தால் போதும். ஆனால் எந்த வாக்களிப்பு நிலையம், இடாப்பில் எத்தனையாம் இலக்கம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. போன முறை போட்ட பள்ளிக்கூடம்தான் என்று எண்ணி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பி வருவதைவிட, அட்டையைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

அடையாள ஆவணம் இல்லாமல் வாக்களிக்க முடியாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அடையாள அட்டை, முதியோர் அடையாள அட்டை, ஆட்பதிவுத் திணைக்களம் மதகுருமாருக்கு வழங்கும் அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். தேர்தல் ஆணைக்குழு வழங்கிய தற்காலிக அடையாள அட்டையும் ஏற்கப்படும். வேலைத்தள அட்டை, வங்கிப் புத்தகம், போனில் இருக்கும் அடையாள அட்டைப் படம் எதுவும் செல்லாது. பழைய அட்டைகளில் படம் மங்கிப்போயிருக்கும். வீட்டில் உள்ள அப்பா, அம்மாவின் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் கடவுச்சீட்டைத் தேடி வையுங்கள்.

சரி, வாக்குச்சீட்டு. குழப்பம் அதிகம் வரும் இடம் இதுதான். சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இலக்கமிட்டோம். பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு புள்ளடியும், விரும்பினால் வேட்பாளர் இலக்கங்களுக்குப் புள்ளடிகளும் இட்டோம். இந்த முறை அந்த இரண்டும் இல்லை. சீட்டில் கட்சிகளின் பெயரும் சின்னமும், சுயேச்சைக் குழுக்களின் இலக்கமும் சின்னமும் மட்டுமே இருக்கும். வேட்பாளர் பெயர்கள் இருக்காது. விருப்பு வாக்கும் கிடையாது. நீங்கள் தெரிவுசெய்யும் கட்சிக்கோ குழுவுக்கோ எதிரில் உள்ள வெற்றுக் கட்டத்தில் ஒரே ஒரு புள்ளடி. அவ்வளவுதான்.

இரண்டு இடத்தில் புள்ளடி இட்டாலோ, உங்களை அடையாளம் காட்டும் எதையாவது எழுதினாலோ அந்தச் சீட்டு நிராகரிக்கப்படும். கை தவறி வேறு கட்டத்தில் இட்டுவிட்டால் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். நிலையத்தில் இருக்கும் தலைமைதாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள்.

"பெயரே இல்லையென்றால் நம் வட்டார வேட்பாளருக்கு எப்படி வாக்குப் போகும்?" என்று கடைசி மாடித் தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. நீங்கள் இடும் ஒரு புள்ளடி இரண்டு இடத்தில் கணக்காகிறது. உங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்சியின் வேட்பாளருக்கும், முழுச் சபையிலும் அந்தக் கட்சி பெறும் மொத்த வாக்குக்கும். உறுப்பினர்களில் 60 வீதம் வட்டாரங்களில் இருந்தும் 40 வீதம் பட்டியலில் இருந்தும் வருகிறார்கள். கொழும்பில் சில வட்டாரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். அங்கும் உங்களுக்கு ஒரே வாக்குத்தான். சபையில் பெண்கள் 25 வீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மேயரை நாம் நேரடியாகத் தெரிவுசெய்வதில்லை. ஒரு கட்சிக்குப் பாதி அல்லது அதற்கு மேற்பட்ட ஆசனங்கள் கிடைத்தால் அந்தக் கட்சி நியமிக்கும், இல்லாவிட்டால் உறுப்பினர்கள் முதல் கூட்டத்தில் தெரிவுசெய்வார்கள். ஆகவே புள்ளடி இடும் முன் உங்கள் வட்டாரத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் யார் நிற்கிறார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

வேட்பாளர்கள் வீட்டுக்கு வந்தால் என்ன கேட்கலாம் என்பதையும் முன்பு ஒருபக்கமாக எழுதியிருந்தேன். யார் வந்தாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள்: நம் ஒழுங்கைகளில் குப்பை எந்த நாட்களில் எடுப்பீர்கள்? மழைக்கு நிரம்பும் வடிகானுக்கு என்ன திட்டம்? தெருவிளக்கு, மாநகர சபை மருந்தகம், நூலகம், சோலைவரிக் கணக்கு, புதிய கட்டட அனுமதி? இவை சபையின் வேலைகள். மின்சாரக் கட்டணத்தையோ குழாய் நீர்க் கட்டணத்தையோ குறைப்பதாக யாராவது சொன்னால், அவை மாநகர சபையின் கையில் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். முன்னைய சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதற்கு முந்திய உள்ளூராட்சித் தேர்தல் 2018 பெப்ரவரியில் நடந்தது. அதனால் நம் பிள்ளைகளில் 24, 25 வயதுக்காரருக்குக்கூட இது முதல் உள்ளூராட்சி வாக்கு. அவர்களோடு இருந்து ஒருமுறை விளங்கப்படுத்துங்கள், யாருக்கு என்பதை அவர்களே முடிவெடுக்கட்டும்.

ஊரில் பதிவுள்ளவர்கள் நம்மிடையே நிறையப் பேர். தனியார் துறையில் வேலை செய்தாலும் சம்பளத்தோடு விடுமுறை பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் ஆணைக்குழு சொல்லும் அளவு இது: வேலைத்தளத்தில் இருந்து வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போகிறவர்களுக்கு இரண்டு நாள் கிடைக்க வேண்டும். பஸ், ரயில் ஆசனங்களை இப்போதே பதிவுசெய்யுங்கள். வீட்டுவேலைக்கு, கடைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் அவர்களுக்கும் இந்த நேரத்தைக் கொடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், மலையகத்தில் இருந்து வந்து இங்கே வேலை செய்யும் பலர் கேட்கத் தயங்குவார்கள்.

பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர்கள் ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம். அவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது. இதற்கான படிவத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, மருத்துவரின் சான்றும் எடுக்க வேண்டும். கடைசி நாள் வரை விட்டுவைக்காதீர்கள்.

"சங்கம் வான் ஒழுங்கு செய்யும்" என்ற வரியையும் எடுத்துவிட்டேன். வாக்காளரை ஏற்றிச் செல்லக் கட்சியோ வேட்பாளரோ வாகனம் கொடுப்பது குற்றம். ஒரு சங்கம் வான் பிடித்தாலும் பின்னால் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி வரும். உங்கள் பெற்றோரை நீங்களே ஆட்டோவில் கூட்டிப் போங்கள். உலர் உணவுப் பொதியோ பணமோ கொடுத்து வாக்குக் கேட்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். வாக்களிப்பு நிலையத்துக்குள் போனைப் பயன்படுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. புள்ளடி இட்ட சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை.

பிரசாரம் மே 3 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குப் பின் எந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரமும் காணொளியும் நம் குழுவில் வேண்டாம். அதற்கு முன்பும் வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். "தேர்தல் ஒத்திவைப்பு", "இன்ன நிலையம் மாறிவிட்டது" என்று செய்தி வந்தால் அனுப்பும் முன் தேர்தல் ஆணைக்குழுவின் தளத்தில் பாருங்கள். அன்றைக்கு மிரட்டலோ தகராறோ நடந்தால் 119.

வாக்காளர் அட்டை இன்னும் வராதவர்கள் வியாழன் இரவுக்குள் எனக்குச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் தபால் நிலையம் போகிறேன், நடக்கச் சிரமப்படும் முதியவர்கள் என்னோடு வரலாம். அவரவர் அட்டைக்கு அவரவர் அடையாள அட்டை வேண்டும். இந்த அறிவித்தலில் இன்னும் ஒரு பக்கம் சாய்ந்த சொல் ஏதாவது கண்டால் உடனே அழையுங்கள், இரவிலும் பரவாயில்லை, திருத்திவிட்டுத்தான் பலகையில் ஒட்டுவேன்.

செயலாளர்
குடியிருப்பாளர் நலன்புரிச் சங்கம்