கரட்டுப்பாளையம் கல்குவாரி: என்ன மாறும், எப்போது மாறும், எங்கே போய்ச் சொல்லணும்

நம்ம ஊர் கரட்டுக்குத் தெற்கே புதுசாக ஒரு கல்குவாரி வரப்போகிறது. அதற்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் 14 பக்கம், ஊராட்சி அலுவலகத்தில் இருக்கிறது. வாங்கிப் படித்தவர்கள் பாதிப் பேர் "ஒண்ணும் புரியலை, ஆனா பாதிப்பு இல்லைன்னு போட்டிருக்கு" என்று சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து முழு அறிக்கையையும் படித்தோம், 212 பக்கம். சொந்தக் கருத்து வரும் இடத்தில் அது எங்கள் கருத்து என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அறிக்கையிலும் சட்டத்திலும் இருப்பது.

முதலில் தேதி. மார்ச் 18, புதன்கிழமை, காலை 10.30 மணி, மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். வேறு எதுவும் படிக்க நேரமில்லை என்றாலும் அன்றைக்கு வந்துவிடுங்கள்.

என்ன வரப்போகிறது

4.2 ஹெக்டேர், நம்ம கணக்கில் சுமார் பத்தரை ஏக்கர். மேலே இருக்கும் கிராவல் மண் 2 மீட்டரை எடுத்துவிட்டு, அதற்குக் கீழே 20 மீட்டர் பாறையை உடைப்பார்கள். மொத்தம் 22 மீட்டர், அதாவது 72 அடிக் குழி. குத்தகை 5 வருஷம். வருஷத்துக்கு 300 நாள் வேலை, நாளைக்கு 320 கன மீட்டர் கல்.

ஏற்கெனவே பக்கத்தில் ஓடும் இரண்டு குவாரிகளை மறந்துவிடாதீர்கள். ஒன்று 3.1 ஹெக்டேர், இன்னொன்று 2.6. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளை ஒரே தொகுப்பாகத்தான் பார்க்கணும். மூன்றும் சேர்ந்தால் 9.9 ஹெக்டேர். தொகுப்பு 5 ஹெக்டேரைத் தாண்டியதால்தான் இந்தக் கூட்டமே நடக்கிறது, யாரும் நமக்குச் சலுகையாகக் கொடுத்தது இல்லை.

லாரி

சுருக்கத்தில் "நாளொன்றுக்கு 40 நடை, சாலையின் கொள்ளளவுக்கு உட்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. 40 டிப்பர் கல்லோடு வெளியே போனால், காலியாக 40 உள்ளே வந்தாக வேண்டும். ஆக 80. காலை 8 முதல் மாலை 6 வரை என்று வைத்தால் ஏழரை நிமிஷத்துக்கு ஒரு டிப்பர் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டும். இது புதுக் குவாரிக்கு மட்டும், பழைய இரண்டின் வண்டிகள் தனி.

குவாரியிலிருந்து தார் ரோடு வரைக்கும் 1.8 கிலோமீட்டர் மண் தடம். தூசி அடங்க நாளைக்கு 5,000 லிட்டர் தண்ணீர் தெளிப்போம் என்கிறார்கள். தடம் 6 மீட்டர் அகலம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், பெருக்கிப் பார்த்தால் ஒரு சதுர மீட்டருக்கு நாள் முழுக்க அரை லிட்டர்கூட வராது. சித்திரை வெயிலில் அது எவ்வளவு நேரம் ஈரமாக நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் கருத்து: தடத்தைத் தார் போட்ட பிறகுதான் முதல் லோடு போகணும் என்று கேட்கணும்.

தூசி

நுண்தூசியை அளந்திருக்கிறார்கள். நம்ம பள்ளிக்கூடத்தில் இப்போது ஒரு கன மீட்டர் காற்றில் 58 மைக்ரோகிராம், புதுக் குவாரி வந்தால் 67 ஆகும், 24 மணி நேர அளவுக்கு அரசு வைத்த வரம்பு 100, அதனால் பிரச்சினை இல்லை என்று சுருக்கம் முடித்துவிடுகிறது. மூன்று குவாரியும் ஒரே நாளில் ஓடினால் 81 என்று முழு அறிக்கையின் நாலாவது அத்தியாயத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. அதுவும் 100-க்குக் கீழேதான், உண்மை. ஆனால் அந்த 81 சுருக்கத்தில் ஏன் வரவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அதோடு அது சொன்னபடி தண்ணீர் தெளித்தால் வரும் கணக்கு. தெளிக்காத நாளில் என்ன ஆகும் என்று எங்கேயும் இல்லை.

கிணறு

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அறிக்கை சொல்வது: நிலத்தடி நீர் 55 முதல் 60 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, குழி 22 மீட்டர்தான், ஆகவே நீரைத் தொடாது. அளந்தது எல்லாம் போர்வெல். அளந்த மாதம் மார்ச், ஏப்ரல், மே.

நம்ம தோட்டத்துக் கிணறுகள் 60 அடி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு தை வரைக்கும் அதில்தான் பாய்ச்சுகிறோம். அந்தத் தண்ணீர் ஆழத்திலிருந்து வருவதில்லை, பாறை இடுக்கு வழியாக மேலாகவே ஊறி வருகிறது. கரட்டிலேயே 72 அடிக் குழி போட்டால் அந்த ஊற்று முதலில் குழியில் இறங்குமா, நம்ம கிணற்றுக்கு வருமா? குவாரி மேட்டில் இருப்பதால் குழியின் அடியும் கிணற்றின் அடியும் ஒரே மட்டமா என்று சும்மா பார்த்துச் சொல்ல முடியாது, கடல் மட்டத்திலிருந்து இரண்டுக்கும் உயரம் எடுத்து ஒப்பிடணும். குழிக்கு எடுத்திருக்கிறார்கள், ஒரு கிணற்றுக்குக்கூட எடுக்கவில்லை. 1 கிலோமீட்டர் சுற்றளவில் எங்கள் எண்ணிக்கையில் 31 கிணறு, அறிக்கையில் 6.

அதனால் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கயிற்றில் கல் கட்டி விட்டு, தரையிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது, கிணற்றின் மொத்த ஆழம் எத்தனை அடி என்று அளந்து, தேதி போட்டு எழுதி, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். நாளைக்குக் கிணறு வற்றினால் "முன்னாடியே வற்றித்தான் இருந்தது" என்று யாரும் சொல்லக்கூடாது.

வெடி

மாலை 4 முதல் 5 மணிக்குள் வெடி வைப்பார்கள். பள்ளிக்கூடம் விடுவது 4.10. கிழக்கு வளவுப் பிள்ளைகள் அந்தத் தடத்தில்தான் நடந்து வருகிறார்கள். இது அறிக்கை எழுதியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை, நாம்தான் சொல்லணும். நேரத்தை மதியத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம், இது எளிதாகக் கிடைக்கக்கூடிய விஷயம்.

அதிர்வு, பக்கத்து வீட்டில் நொடிக்கு 1.8 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். குறைந்த அலைவெண்ணுக்கு வைத்த வரம்பு 5. ஆனால் அந்தப் "பக்கத்து வீடு" 340 மீட்டரில் இருப்பதாக வரைபடம் சொல்கிறது. மேற்கே இருக்கும் மூன்று தோட்டத்துச் சாளைகள் வரைபடத்திலேயே இல்லை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை கொடுக்கக்கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-ல் இருக்கிறது. வருவாய்த்துறைப் பதிவில் இருக்கும் குடியிருப்பைத்தான் கணக்கில் எடுப்போம் என்று பதில் வரும். அதனால் அந்த மூன்று குடும்பமும் வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள், சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். சுவரில் இப்போது இருக்கும் விரிசல்களையும் போட்டோ எடுங்கள், இல்லாத இடத்தையும் எடுங்கள்.

வேலை, பணம்

24 பேருக்கு வேலை என்கிறார்கள், உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமையாம். எத்தனை பேர் என்று எண் இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் கட்ட 5 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்லதுதான், அதையும் தேதியோடு கேட்டு வாங்கணும். 5 வருஷம் கழித்துக் குழியைச் சுற்றி வேலி போட்டு மழைநீர்த் தேக்கமாக விடுவார்களாம். 72 அடித் தண்ணீர். வேலி எவ்வளவு உயரம், யார் பராமரிப்பார்கள், அதற்குப் பணம் எங்கே என்று கேட்டே ஆகணும்.

எப்போது என்ன நடக்கும்

கூட்டம் முடிந்த அடுத்த நாளே வெடி வைத்துவிட முடியாது. கூட்ட நடவடிக்கைக் குறிப்பு சென்னைக்குப் போகும், நாம் எழுப்பிய ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சேர்த்து அறிக்கையைத் திருத்திக் கொடுக்கணும். பிறகு நிபுணர் குழு பார்க்கும், மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். அதற்கு அப்புறம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேணும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். வேலை தொடங்கினால் முதலில் வேலி, மரக்கன்று, கிராவல் எடுப்பது. அதன் பிறகுதான் பாறை.

எங்கே, எப்படிச் சொல்வது

கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரோ மாவட்ட வருவாய் அலுவலரோ தலைமை வகிப்பார், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி பக்கத்தில் இருப்பார். வந்த யார் வேண்டுமானாலும் பேசலாம், பட்டா இருக்கணும் என்று இல்லை. முழுவதும் வீடியோ எடுக்கணும். முடிவில் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்டணும். படித்துக் காட்டாமல் கலைந்து போகாதீர்கள், நீங்கள் சொன்னது விட்டுப் போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

புறக்கணிக்கலாம் என்று ஒரு பேச்சு ஓடுகிறது. வேண்டாம். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று சட்டத்தில் இல்லை, யாருமே வராவிட்டாலும் "ஆட்சேபம் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடலாம். இது ஓட்டெடுப்பும் கிடையாது. "குவாரி வேண்டாம்" என்று நூறு பேர் கத்துவதைவிட, கிணறு, சாளை, பள்ளி நேரம் என்று பத்துப் பேர் பத்து விஷயத்தைக் குறிப்பாகச் சொல்வது சென்னை வரைக்கும் போய் நிற்கும்.

மேடையில் பேசத் தயக்கமா, எழுதிக் கொடுங்கள். நான் கொடுக்கப்போவது இப்படி இருக்கும்:

"ஐயா, புல எண் 214/3-ல் எங்கள் கிணறு உள்ளது. ஆழம் 61 அடி. பிப்ரவரி 20 அன்று நீர்மட்டம் 38 அடியில் இருந்தது. உத்தேசக் குவாரியிலிருந்து 420 மீட்டர். அறிக்கையில் இந்தக் கிணறு இல்லை. மழைக்காலத்துக்குப் பிந்தைய நீர்மட்டத்தை அளந்து, குழியின் ஆழத்தோடு ஒப்பிட்டுத் தெரிவிக்கும் வரை அனுமதி வழங்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

அவ்வளவுதான், ஒரு பக்கம் போதும். கூட்டத்துக்கு முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். இன்னொரு நகலைச் சென்னை சைதாப்பேட்டை பனகல் மாளிகையில் இருக்கும் ஆணையத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

அனுமதி கிடைத்துவிட்டால் குவாரிக்காரர்கள் 7 நாளுக்குள் இரண்டு செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுக்கணும், ஒன்று தமிழில். parivesh.nic.in தளத்திலும் உத்தரவு வரும். அதை எதிர்த்துச் சென்னையில் இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தருவார்கள், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. விளம்பரத்தைப் பார்க்கும் பொறுப்பை டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு அறிக்கையின் நகல் ஒன்று நூலகத்தில் வைத்திருக்கிறோம். வியாழன், ஞாயிறு மாலை 6 மணிக்கு நாங்கள் அங்கே இருப்போம். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொன்னால் நாங்கள் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக் கொடுக்கிறோம். 18-ஆம் தேதி காலை 9.30-க்கு மாரியம்மன் கோயில் முன்னாலிருந்து வேன் கிளம்பும், நடக்க முடியாத பெரியவர்களுக்கு முதலில் இடம்.