சாறிச் சட்டை ஏன் இழுக்குது? – தையற்கடைக்கான 90 நொடி வீடியோவின் படப்பிடிப்புப் பிரதி

போனில் பார்க்க நெடுக்குப் படம், 9:16. பின்னணிக் குரல் ஒரு பெண்ணுடையது, யாழ்ப்பாணப் பேச்சில். மொத்தம் 101 சொல். நொடிக்கு ஒன்றரைச் சொல்லுக்கு மேல் ஓடக்கூடாது. எங்கள் சொற்கள் நீளம், "கொடியேற்றத்துக்கு" என்று சொல்லவே ஒரு நொடி போய்விடும். குரலை முதலில் பதிந்து, அதன் மேல் படத்தை வெட்டவும். மாறிச் செய்தால் கடைசி இருபது நொடியில் குரலை அவசரப்படுத்த வேண்டிவரும்.

0:00–0:08
படம்: பெண் ஒருவர் அலுமாரியின் மேல்தட்டை எட்டுகிறார். கைத்துளை இழுபட்டு, சட்டையின் கீழ்விளிம்பு மேலே ஏறுகிறது. கை இறங்க, முதுகுச் சுருக்கம் கிட்டத்தில். முகம் தேவையில்லை.
குரல்: "கையைத் தூக்கினால் இழுக்குது. விட்டால் முதுகிலை சுருக்கு. பிழை உங்கட உடம்பிலை இல்லை."
"இழுக்குது" என்ற சொல் விளிம்பு ஏறி முடிந்த பிறகே விழ வேண்டும். முந்தினால் பார்ப்பவர் எங்கே பார்ப்பது என்று தேடுவார்.

0:08–0:22
படம்: பேசினில் லைனிங் துணி அமிழ்கிறது. கொடியில் காய்கிறது. அயன் பெட்டி ஓடுகிறது. மூன்று துண்டுகள்.
குரல்: "முதல் காரணம் உள்ளுக்குப் பிடிக்கிற லைனிங். பருத்தி லைனிங் தண்ணியிலை சுருங்கும், பொலியெஸ்டர் மேல்துணி சுருங்காது. அதாலை லைனிங்கை இரவே நனையப் போட்டு, காயவைச்சு, அயன் பண்ணித்தான் வெட்டுவம்."
முதல் இரண்டு வசனமும் பேசின் மேலேயே. "காயவைச்சு", "அயன்" என்ற சொற்களில் படம் மாறும்.

0:22–0:42
படம்: அளவு நாடா. முன்னிருந்து ஒரு காட்சி, பின்னிருந்து ஒன்று. நாடா முதுகில் தொய்யாமல் மட்டமாக இருக்க வேண்டும். தொய்ந்தால் அளவு பிழைக்கும். தையல் தெரிந்தவர் பார்த்தால் அந்த இடத்திலேயே வீடியோவை விட்டுவிடுவார்.
குரல்: "அளவெடுக்கேக்கை மூச்சை உள்ளுக்கு இழுக்காதேங்கோ. (1 நொடி) நெஞ்சுச் சுற்றளவு. (1 நொடி) கைத்துளை. (1 நொடி) தோளிலை இருந்து நெஞ்சு உச்சி. ஒவ்வொன்றையும் ரெண்டு தரம் எடுப்பம். நல்லாப் பொருந்துற பழைய சட்டை இருந்தால் அதையும் கொண்டு வாங்கோ."
நாடா நின்று அரை நொடி கழித்தே அந்த இடத்தின் பெயர். இலக்கம் எதையும் வாசிக்க வேண்டாம்: 36 எழுத்தில் சின்னது, வாயில் "முப்பத்தாறு".

0:42–0:50
படம்: சோக் கோடு, கத்தரிக்கோல். கோட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெளிவாகத் தெரிய, மேலிருந்து.
குரல் (0:45இல் தொடக்கம்): "பக்கத் தையலுக்கு ஒரு இஞ்சி கூட விட்டுத்தான் வெட்டுவம்."
முதல் மூன்று நொடி கத்தரிச் சத்தம் மட்டும். இசை வேண்டாம்.

0:50–1:10
படம்: வெள்ளை நூலில் ஓட்டுத் தையல் போட்ட சட்டையுடன் பெண் கண்ணாடி முன். கையைத் தூக்குகிறார், குனிகிறார். தையல்காரர் பக்கத்தில் குண்டூசி குத்துகிறார்.
குரல்: "இனித்தான் முக்கியமான இடம். முழுசாத் தைக்க முதல் ஓட்டுத் தையலோடை ஒருக்காப் போட்டுப் பாக்க வாங்கோ. கையைத் தூக்குங்கோ. (2 நொடி) குனிஞ்சு நிமிருங்கோ. (2 நொடி) இறுக்கினால் அந்த ஒரு இஞ்சியிலை விடலாம். கைத்துளையை ஆழமா வெட்டினால் திருப்பி ஒட்டேலாது."
இங்கே மட்டும் குரல் படத்துக்கு முன்னால் போகலாம்: சொன்ன பிறகு அவர் செய்வது இயல்பு. அந்த இரண்டு நொடிகளைத் தொகுப்பில் வெட்டிவிட வேண்டாம். முதல் காட்சியில் தூக்கிய அதே கையைத் தூக்கச் சொல்லவும்.

1:10–1:18
படம்: ஓவர்லொக் மெஷின் நான்கு நொடி, பிறகு கொக்கி தைக்கும் விரல்கள்.
குரல் (1:15இல்): "கொக்கி வைக்கிறது கையாலை."
மெஷின் ஓடும்போது பேசினால் இரண்டும் கேளாது.

1:18–1:30
படம்: அதே அலுமாரி, அதே கை. விளிம்பு அசையவில்லை. பிறகு கடையின் பெயர்ப்பலகை.
குரல்: "நல்லூர்க் கொடியேற்றத்துக்கு மூண்டு கிழமைக்கு முதல் துணியைத் தாங்கோ. திருநெல்வேலிச் சந்தைக்குப் பக்கத்திலை இருக்கிறம்."
திரையில் எழுத்து: காலை 9 – மாலை 6, ஞாயிறு பூட்டு. எழுத்து வரும்போது குரல் முடிந்திருக்க வேண்டும். பலகை கடைசி மூன்று நொடியும் அசையாமல் நிற்கும்.